லீவு லெட்டரும் ஓர் அழைப்பாணையும்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் அவர். இரண்டு வருட ராணுவ சேவையை முடித்துவிட்டார். ஆனால், அங்கே கடமை அதோடு தீராது. 'ரிசர்விஸ்ட்' பயிற்சிக்கு வருடத்தில் 40 நாள்கள் வரை அழைக்கலாம்.

புது வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். பத்து நாள் பயிற்சிக்கு அழைப்பாணை வந்தது. எஸ்.ஏ.எஃப் 100 என்பார்கள். மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கிவிட்டு, லெட்டரை எழுதினார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வேலையை யார் பார்ப்பார், 'அழைப்பாணை நகல் இணைத்துள்ளேன்'. அவ்வளவுதான்.

லீவு கிடைத்தது. ஆனால், சிஸ்டத்தில் பார்த்தால் பத்து நாளும் அவருடைய வருடாந்திர விடுப்பில் கழிந்திருந்தது! தஞ்சாவூரில் பாட்டிக்குக் கண் ஆபரேஷன்; அதற்காகச் சேர்த்துவைத்த நாள்கள் அவை.

புது ஆள் சண்டை போடலாமா என்றார் அம்மா. அவர் சண்டை போடவில்லை. அதே அழைப்பாணையை ஹெச்.ஆருக்கு மீண்டும் அனுப்பினார். 'இது சட்டப்படியான அழைப்பு. நிறுவனம் விடுவித்தே ஆக வேண்டும். என் சொந்த விடுப்பு அல்ல. சம்பளத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கோரிப் பெறலாம்' என்று பணிவாக எழுதினார். பணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஹெச்.ஆரில் இருந்த புதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை, பாவம்.

மறுநாள் பத்து நாளும் கணக்கில் திரும்பிவிட்டன. அன்று இரவே திருச்சிக்கு டிக்கெட் போட்டார்.