கல்யாணப் பொண்ணுக்கு ஆன்லைனில் சங்கிலி

கொண்டாப்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஊர் விஷயமெல்லாம் போனில்தான். போன வாரம் அக்கா கேட்டாள்: "ஏண்டா, தொட்டுக்கூடப் பார்க்காம நகை வாங்குறாங்களாமே, நம்பலாமா? நீ பேங்குல நகைக்கடன் பார்க்கிறவன்தானே?"

நம் சென்னையில் 2008-ல் இணையத்திலேயே தொடங்கிய காரட்லேன் கடையை (இப்போது டைட்டன் கையில்) உதாரணமாகச் சொன்னேன். நகைக்குக் கீழே தங்கம், கல், செய்கூலி, ஜி.எஸ்.டி. என்று விலையைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பழைய கடை பில்லில் 'சேதாரம்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் எல்லாம் ஒளிந்திருக்கும். பிரித்துக் காட்டினால்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

அடுத்தது சுத்தம். 2021 ஜூனில் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட HUID இல்லாமல் விற்கக் கூடாது. பார்சல் வந்ததும் லென்ஸில் பாருங்கள்: பி.ஐ.எஸ். முத்திரை, 22K916, பிறகு அந்த ஆறு எழுத்து. அதை BIS Care செயலியில் Verify HUID பகுதியில் போட்டால் முத்திரையிட்ட மையம், தேதி, சுத்தம், நகையின் வகை எல்லாம் வரும். கையில் இருப்பது சங்கிலி, திரையில் 'மோதிரம்' என்று வந்தால் எண் திருட்டு! முத்திரை பொய் என்று தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்கலாம். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், இங்கே ஹைதராபாத்தில் எல்லோரும் ஆசைப்படும் குந்தன், போல்கி வகைக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. அங்கே கடைக்காரர் வாக்குதான்.

இனி பண்டிகை. அட்சய திருதியைக்கும் தன்தேரஸுக்கும் 'செய்கூலியில் 25% தள்ளுபடி' என்று வரும். கணக்கு சுலபமாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். 10 கிராம் சங்கிலி.

கடை அ: தங்கம் 1,00,000. செய்கூலி 18%, அதாவது 18,000. தள்ளுபடி போக 13,500. மொத்தம் 1,13,500. மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யோடு 1,16,905.

கடை ஆ: தள்ளுபடியே இல்லை, செய்கூலி 12%. மொத்தம் 1,12,000. ஜி.எஸ்.டி.யோடு 1,15,360.

விளம்பரம் இல்லாத கடையில் 1,545 ரூபாய் மிச்சம் :-) தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பார்க்காதீர்கள், தள்ளுபடிக்குப் பிறகு செய்கூலி எவ்வளவு என்று பாருங்கள்.

பண்டிகைக்கு முன்பே கொஞ்சம் பணம் கட்டி விலையைப் பிடித்து வைக்கும் திட்டங்களும் உண்டு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: விலை இறங்கினால் இறங்கிய விலையா, கட்டிய நாள் விலையா? எழுத்தில் இருந்தால் கட்டலாம்.

கடைசியாக வங்கிக்காரன் பார்வை. நகையை அடகு வைக்க வந்தால் மதிப்பீட்டாளர் கல்லின் எடையைக் கழித்துவிட்டு தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். செய்கூலி அங்கே பூஜ்யம். அதனால் பக்கத்தில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அந்த ஆறு எழுத்தை நீயே பார்த்துச் சொல்லு" என்றாள். ஆக, லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும்.