வாஷிங் மெஷினும் ஒரு மாசக் கணக்கும்

எங்க வீட்ல எந்த வாரண்டி எப்ப முடியுது, எந்த சந்தா எப்ப கட்டணும்னு எல்லாத்தையும் கூகுள் ஷீட்ஸ்ல ஒரு பட்டியலா போட்டு வச்சிருக்கேன்னு ஆபீஸ்ல, சொந்தத்துலன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டு திரிஞ்சவன் நான். முதல் தாள்ல விவரம். ரெண்டாவது தாள்ல அதையே தேதி வரிசையில அடுக்கி, அடியில வருஷத்துக்கு ஆகுற மொத்தச் செலவு. பாக்க ஜோரா இருக்கும். 2025 ஜூலை 28-ஆம் தேதி வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஜூன் கடைசியிலேயே தங்கமணி சொல்லிட்டாங்க. "துணி பிழியறப்ப நடுவுல நின்னு நின்னு போகுது, சர்வீசுக்கு சொல்லுங்க." நான் போன்ல ஷீட்டைத் திறந்து பாத்துட்டு, "ஆகஸ்ட் 6 வரைக்கும் வாரண்டி இருக்கு, ஆடித் தள்ளுபடிக் கூட்டமெல்லாம் ஓயட்டும், அப்புறம் கூப்பிடலாம்"னு பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். ஜூலை 28 காலையில மெஷின் மொத்தமா படுத்துருச்சு. மறுநாள் சர்வீஸ் தம்பி வந்தார், பின்பக்கம் கழட்டிப் பாத்தார், "சார், போர்டு போயிருச்சு"ன்னார். போனா என்ன, வாரண்டி இருக்கேன்னு பில்லை எடுத்து நீட்டினேன்.

"சார், 8-ஆம் தேதி ஏழாம் மாசம் 2023-ல வாங்கியிருக்கீங்க. ரெண்டு வருஷம் ஜூலை 7 ஓட முடிஞ்சுது. மோட்டாருக்கு மட்டும் பத்து வருஷம் இருக்கு. ஆனா போனது மோட்டார் இல்லையே."

5,600 ரூபாய். தம்பி மேல தப்பே இல்ல. பில்லும் சரி, அவர் போட்ட கணக்கும் சரி. தங்கமணி ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருந்துச்சு :-(

ராத்திரி உக்காந்து ஷீட்டை நோண்டினேன். வாங்கின தேதி 08/07/2023-ன்னு சரியாத்தான் அடிச்சிருக்கேன். ஆனா என் ஷீட்டோட லொகேல் அமெரிக்கா. அமெரிக்காக்காரனுக்கு முதல்ல மாசம், அப்புறம்தான் நாள். அதனால ஜூலை 8 அதுக்கு ஆகஸ்ட் 7 ஆயிருச்சு. கண்ணுக்குத் தெரியறது என்னமோ நான் அடிச்ச அதே 08/07/2023 தான், உள்ள இருக்குறதுதான் வேற நாள். அதோட 24 மாசம் கூட்டி ஒரு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 6-ன்னு பக்கத்துக் கட்டத்துல காட்டிருக்கு. ரெண்டு கட்டத்தையும் சேத்துப் பாத்திருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும். யார் பாத்தா?

சரி, 12-க்கு மேல நாள் வந்தா என்ன பண்ணும்? 19-ஆவது மாசம்னு ஒண்ணு கிடையாதே. அப்ப ஷீட் அதைத் தேதியாவே எடுத்துக்காது, வெறும் எழுத்தா வச்சுக்கும். வரிசைப்படுத்தறப்ப நிஜத் தேதியெல்லாம் மேல போகும், எழுத்தெல்லாம் அடியில போய் உக்காந்துக்கும். போன்ல நான் பாக்குறது மேல இருக்குற அஞ்சாறு வரிதான். இது மண்டையில உறைச்சதும் வயித்துல புளியைக் கரைக்க, கீழ தள்ளிக்கிட்டே போனேன்.

கடைசிக்கு முந்தின வரி. அப்பாவோட மருத்துவக் காப்பீடு, 19/07/2025, 31,400 ரூபாய்.

பத்து நாள் ஆச்சு. கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்பித்தான் இருப்பான், அது அப்பாவோட பழைய நம்பருக்குப் போயிருக்கு. நல்லவேளை, வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா கட்டுற பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதுக்குள்ள கட்டிட்டா பாலிசி விட்டுப்போனதா ஆகாது, பி.பி., சுகர் மாதிரி ஏற்கெனவே இருக்குற வியாதிக்கு இதுவரைக்கும் காத்திருந்த காலமும் வீணாப் போகாது. ஆனா அந்த இடைவெளி நாட்கள்ல ஆஸ்பத்திரியில சேர வேண்டி வந்திருந்தா அந்தச் செலவுக்குக் காப்பீடு கிடையாது. 71 வயசு மனுஷன், பத்து நாளா தினமும் காலையில கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்துக்கிட்டு இருந்தார். அன்னிக்கு ராத்திரியே கட்டினேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. வாஷிங் மெஷின் 5,600 அப்புறம் எனக்கு பெருசாவே தெரியல.

இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருந்துச்சு. நிஜத் தேதி கட்டத்துல வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்துன்னா இடது பக்கம். நான் அழகுக்காக எல்லாத்தையும் நடுவுல கொண்டு வந்து அந்த அடையாளத்தையும் அழிச்சு வச்சிருந்தேன். என்னத்த சொல்ல!

மக்களே, நீங்களும் இப்படி ஒண்ணு வச்சிருந்தா File, Settings போய் Locale என்னன்னு பாருங்க. அமெரிக்கா இருந்தா இந்தியாவுக்கு மாத்துங்க. மாத்தினா மட்டும் போதாது, ஏற்கெனவே தப்பா உள்ள போனது அப்படியேதான் இருக்கும். தேதிக் கட்டங்களை 08-Jul-2023 மாதிரி மாசம் எழுத்துல தெரியற வடிவத்துக்கு மாத்திட்டு, ஒவ்வொண்ணா பில்லோட ஒப்பிட்டு, தப்பானதைத் திரும்ப அடிக்கணும். எனக்கு 14 வரி, அதுல 5 தப்பு. இப்ப என் சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
=ISNUMBER(B2)
=EDATE(B2, C2) - 1
=D2 * E2
=SORT(Sheet1!A2:G40, 6, TRUE)
```

B வாங்கின தேதி, C எத்தனை மாச வாரண்டி, D தொகை, E வருஷத்துக்கு எத்தனை தடவை, F கடைசி நாள். முதல் வரி தேதி நிஜத் தேதியான்னு சொல்லும்; FALSE வந்தா அது எழுத்து. காப்பீடு மாதிரி F-ல நேரா தேதி அடிக்கிற வரிகளுக்கு B2-க்கு பதிலா F2 போட்டுப் பாக்கணும். முடிஞ்சு போன தேதியை மறைக்கறதுக்கு நான் முன்னாடி ஒரு வடிகட்டி போட்டிருந்தேன், அதையும் தூக்கிட்டேன். கட்ட மறந்தது மறுநாளே பட்டியல்லேர்ந்து மறைஞ்சா அப்புறம் பட்டியல் எதுக்கு?

E-ஐ சரி பண்றப்பதான் மொத்தத்துலயும் ஓட்டை தெரிஞ்சுது. வீட்ல மூணு போன், தலைக்கு 299, 28 நாளைக்கு ஒரு தடவை. மாசம் ஒண்ணுன்னு நெனச்சு 12 போட்டிருந்தேன், 10,764 வந்துச்சு. 28 நாள் ஒரு மாசம் இல்லியே. E-ல `=365/28` போட்டா வருஷத்துக்கு 13 தடவைக்கு கொஞ்சம் மேல, 11,693 ரூபாய். இன்டர்நெட்டுக்கு விளம்பரத்துல போட்டிருந்த 799-ஐ எழுதியிருந்தேன். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேத்தா 942.82. அப்பா காப்பீடு, வண்டி இன்ஷூரன்ஸ், தண்ணி சுத்திகரிக்கிற மெஷினோட பராமரிப்பு ஒப்பந்தம், படம் பாக்குற சந்தா இதெல்லாம் சேத்து, 59,101-ன்னு நம்பிக்கிட்டு இருந்த மொத்தம் 61,756 ஆச்சு.

வாரண்டி வரிகளுக்கு D காலிதான், அதுல காசு இல்ல. ஆனா அதுகளுக்கு மட்டும் G-ல கடைசி நாளுக்கு முப்பது நாள் முன்னாடி ஒரு தேதி வச்சிருக்கேன். அன்னிக்கு அந்தப் பொருள்ல முனகல், ஒழுகல், நின்னு நின்னு போறது ஏதாவது இருக்கான்னு வீட்ல கேட்டுட்டு, இருந்தா உடனே சர்வீசுக்கு போன்.

இப்ப தங்கமணி ஷீட்டை நம்பறதில்ல. சமையக்கட்டு காலண்டர்ல மிக்ஸி வாரண்டி முடியற தேதியை சிவப்பு பேனாவால வட்டம் போட்டு வச்சிருக்காங்க. நேத்து நைசா பாத்தேன், ஷீட்லயும் அதே தேதிதான். ஹி ஹி.