ஓடலைன்னா, என்ன ஓடலை?

தென்காசியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் பழகச் சேர்ந்தேன். வெட்டி ஒட்டுவதும் நிறம் திருத்துவதும் மற்றவர்கள் செய்வதைப் பார்த்தே பாதி வந்துவிட்டது. ஸ்டூடியோ அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது கடைசி வேலையைத்தான்: முடிந்த படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது. கல்யாணப் படத்தை முழுதாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் தாத்தாவும் ஆச்சியும்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் போனில் நாலு நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே படம் அந்த வீட்டுப் பழைய டிவியில் ஓடினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

ஓடாவிட்டால் போன் வரும். "தம்பி, பென்டிரைவ் ஓடலை" என்ற ஒரே வாக்கியம்தான். அண்ணாச்சி உடனே திருப்பிக் கொண்டுவரச் சொல்லமாட்டார். "ஆச்சி, டிவியில இப்ப என்ன தெரியுது? அப்படியே வாசிங்க" என்பார். பதிலை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். நான் கற்றுக்கொண்ட தொழிலில் பெரும்பகுதி அந்தப் பதில்களைப் பிரித்தறிவதுதான்.

ஒரு கல்யாணத்தையே எடுத்துக்கொள்கிறேன். படம் 2 மணி 40 நிமிடம். புதுக் கேமராவில் 4K-யாக எடுத்தது. வெளியூரில் ஒருவரிடம் எடிட் செய்து வாங்கி, ஒரே கோப்பாக 64 ஜிபி பென்டிரைவில் போட்டு வந்திருந்தது. கம்ப்யூட்டரில் VLC-யில் அழகாக ஓடியது. பெண்ணின் தாத்தா வீட்டு டிவியிலோ பென்டிரைவ் செருகியதாகவே காட்டவில்லை.

"செருகினதே தெரியலைன்னா படத்துல கை வைக்காத, டிரைவைப் பாரு" என்றார் அண்ணாச்சி. பென்டிரைவுக்குள் கோப்புகளை அடுக்கும் முறை ஒன்று உண்டு. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் exFAT என்ற முறையில்தான் கடைக்கு வருகின்றன. பழைய டிவிகள் பலவற்றுக்கு அது தெரியாது. FAT32 தெரியும். அதனால் நாங்கள் 16 அல்லது 32 ஜிபி டிரைவ்தான் வாங்குவோம். வாங்கியதும் FAT32-வில் ஃபார்மட் செய்துவிடுவோம்.

FAT32-க்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் நகல் எடுக்கவே விடாது. இந்த வரம்புக்குள் எவ்வளவு நேரப் படம் அடங்கும் என்ற கணக்கை அண்ணாச்சி மனக்கணக்காகவே போடுவார். முழு எச்டி படத்துக்கு நாங்கள் வைக்கும் பிட்ரேட் 8 Mbps. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. ஒலியையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்வரை அடங்கும். அதனால் எந்தத் துண்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம்.

டிரைவ் தெரிந்து, கோப்பின் பெயரும் தெரிந்து, அழுத்தியதும் "Unsupported" என்று வந்தால் அது அடுத்த வகைக் கோளாறு. சில டிவிகளில் அந்த எழுத்துகூட வராது. மேளச் சத்தம் கேட்கும், திரை கறுப்பாக நிற்கும். அப்போது டிரைவ் சரி, படத்தைச் சுருக்கிய விதம்தான் டிவிக்குப் புரியவில்லை. அந்தக் கல்யாணப் படம் H.265-இல் சுருக்கப்பட்டிருந்தது. டிரைவை மட்டும் மாற்றியிருந்தால் இந்த இடத்தில் மறுபடி நின்றிருக்கும்.

கம்ப்யூட்டரில் ஓடியது டிவியில் ஏன் ஓடாது? VLC ஏறக்குறைய எல்லா வகைச் சுருக்கத்தையும் மென்பொருளாலேயே விரிக்க வல்லது. டிவியில் அந்த வேலையைச் செய்வது ஒரு சில்லு. அது செய்யப்பட்ட காலத்தில் என்னென்ன வகைகளுக்கு வடிவமைத்தார்களோ அவற்றைத்தான் விரிக்கும். அதனால் பழைய டிவிக்கு H.264, MP4, 1920×1080, நொடிக்கு 25 சட்டகம். இதிலும் ஒளிந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. புதுக் கேமராக்கள் பல 10 பிட் நிறத்தில் பதிவு செய்கின்றன. எடிட்டிங்கிலிருந்து வெளியே எடுக்கும்போது அது அப்படியே போய்விட்டால், பெயரளவில் H.264-ஆக இருந்தாலும் பெரும்பாலான டிவிகளில் ஓடாது. ஒவ்வொரு கோப்பையும் MediaInfo-வில் திறந்து, Bit depth என்ற இடத்தில் 8 bits என்றும், Chroma subsampling என்ற இடத்தில் 4:2:0 என்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அண்ணாச்சி டிரைவைத் தொடவிடுவார்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை என்றால் ஒலியின் வகையைப் பார்க்க வேண்டும். இரண்டு சேனல் AAC ஆக்கிவிட்டால் அநேகமாகத் தீர்ந்துவிடும். பாதியில் நின்றுவிட்டது என்றால் கோப்பு முழுதாக ஏறவில்லை என்றே முதலில் சந்தேகப்படுவேன். திரையில் நூறு சதவீதம் என்று காட்டிய பின்னும் கம்ப்யூட்டர் உள்ளே எழுதிக்கொண்டிருக்கலாம். Eject கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே பிடுங்க வேண்டும்.

மேக்கில் எடிட் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. FAT32 டிரைவில் எழுதும்போது மேக் பல கோப்புகளுக்கும் ._ என்று தொடங்கும் சின்னக் கோப்பு ஒன்றையும் சேர்த்து வைத்துவிடும். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. டிவியில் தெரியும், பட்டியலில் முதலாகவும் வந்து நிற்கும். ஆச்சி முதலில் இருப்பதைத்தான் அழுத்துவார், அது ஓடாது. டிரைவை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அவற்றை அழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

அந்தக் கல்யாணப் படத்தை எடிட்டிங்கிலிருந்து மறுபடி வெளியே எடுத்து நான்கு கோப்பாக்கினோம்: 01_Nichayam 25 நிமிடம், 02_Azhaippu 35, 03_Muhurtham 55, 04_Reception 45. நான்கும் சேர்ந்து 10 ஜிபிக்குள் அடங்கின. 16 ஜிபி டிரைவே போதுமானதாக இருந்தது. எண்ணுக்கு முன் பூஜ்யம் போடுவது ஏனென்றால், பத்துக்கு மேல் கோப்பு இருந்தால் சில டிவிகள் 1-க்கு அடுத்து 10-ஐக் காட்டும். தமிழில் பெயர் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் பழைய டிவிகள் பலவற்றில் அது வெறும் கட்டங்களாக வருகிறது. ஃபோல்டர் போடுவதில்லை, புகைப்படங்களையும் இதில் சேர்ப்பதில்லை. செருகினால் இந்த நாலு பெயர் மட்டும் தெரிய வேண்டும்.

அண்ணாச்சி ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கச் சொன்னார்: 05_Thali. முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரத்தை மட்டும் ஆறு நிமிடமாகத் தனியே வெட்டியது. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியவர்கள் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். ரிமோட்டில் ஓட்டி ஓட்டி அந்த இடத்தைப் பிடிப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களையும் இப்படித் தனியே கொடுத்தால் நல்லது என்பது என் எண்ணம். அதைத் தேடாத பெரியவர்களை நான் பார்த்ததில்லை.

முடித்த டிரைவைக் கடையில் இருக்கும் பழைய டிவியில் செருகி, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தையும் நடுவையும் கடைசியையும் பார்ப்போம். அதன் பிறகே உறையில் போடுவோம்.

கல்யாண வீட்டாருக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். பென்டிரைவ் பார்ப்பதற்கு மட்டும்தான். ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்த அதை நம்பாதீர்கள். 4K மூலப் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்கி இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்குப் போகும் முன், தாத்தா வீட்டு டிவியின் பின்பக்கம் மாடல் எண் ஒட்டியிருக்கும் இடத்தையும், யுஎஸ்பி செருகும் இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.