ஆளில்லாத கம்பெனி, பாதி ரொக்கம்

காக்ஸ் டவுனில் குடியிருக்கும் அந்த ஆடிட்டருக்குக் கணக்கு முடிக்கும் மாதங்களில் பாதி வேலை கடிதம் எழுதுவதுதான். பெங்களூரில் தலைமையகம் உள்ள ஒரு குழுமத்தின் ஒட்டுமொத்தக் கணக்கில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். சிங்கப்பூர், இலங்கை, மொரிஷியஸ் என்று மூன்று இடங்களில் துணை நிறுவனங்கள். அங்கெல்லாம் தணிக்கை செய்பவர்கள் வேறு ஆடிட்டர்கள். அவர்கள் எதை, எவ்வளவு ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் இவர்.

சிங்கப்பூரில் விற்பனை அதிகம். எனவே முழுத் தணிக்கை. இலங்கையில் இருப்பது கிடங்கு; சரக்கை எண்ணிப் பார்த்தால் போதும். மொரிஷியஸில் விற்பனையும் இல்லை, ஊழியரும் இல்லை. விற்பனையை வைத்து அளந்தால் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் குழுமத்தின் ரொக்கத்தில் பாதி, 100 கோடி ரூபாய், அங்குள்ள வங்கியில் இருப்பதாகப் புத்தகம் சொல்கிறது. அங்கேதான் அவர் பேனா நிற்கிறது.

காரணம் பார்மலாட். இத்தாலியின் இந்தப் பால்பொருள் நிறுவனத்துக்கு 1999இல் டெலாய்ட் தலைமை ஆடிட்டரானது. ஆனால் கேமன் தீவிலிருந்த போன்லாட் என்ற துணை நிறுவனம், முந்தைய ஆடிட்டரான கிராண்ட் தார்ன்டனிடமே தங்கிவிட்டது. பாங்க் ஆஃப் அமெரிக்காவில் போன்லாட் பெயரில் சுமார் 395 கோடி யூரோ இருப்பதாக ஒரு கடிதம் காட்டியது. அப்படி ஒரு கணக்கே இல்லை என்று 2003 டிசம்பரில் வங்கி அறிவித்தது. கடிதம் போலி. வங்கியைக் கேட்டு ஆடிட்டர்கள் எழுதிய கடிதம் பார்மலாட்டின் தபால் பிரிவு வழியாகவே போயிருந்தது.

அதனால்தான் மொரிஷியஸ் ஆடிட்டருக்கு இவர் எழுதும் கடிதத்தில் இத்தனை கறார். வங்கியின் முகவரியை நிறுவனத்திடம் கேட்கக் கூடாது. கடிதத்தை ஆடிட்டரே அனுப்ப வேண்டும். பதில் அவருக்கே நேராக வர வேண்டும். பிழை வரம்பும் உண்டு. குழுமத்துக்கு 10 கோடி என்றால் ஒவ்வொரு துணை நிறுவனத்துக்கும் அதைவிடக் குறைவு, உதாரணமாக 4 கோடி. மூன்று இடத்துச் சிறு பிழைகளும் கூடினால் பெரிதாகிவிடும் அல்லவா? 50 லட்சத்தைத் தாண்டும் எந்தப் பிழையையும் பெங்களூருக்குச் சொல்லியாக வேண்டும்.

'குறை எதுவும் இல்லை' என்று பதில் வந்தாலும் இவர் ஒரு கணக்குப் போடுவார். 100 கோடிக்கு 4 சதவிகிதம் என்றால் ஆண்டுக்கு 4 கோடி வட்டி வந்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதோ 20 லட்சம். பணம் வட்டியில்லாத கணக்கில் கிடந்திருக்கலாம், ஆண்டு முடியும் நேரத்தில் மட்டும் உள்ளே வந்திருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். எது என்று தெரிய, பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையையும் வங்கியிடமிருந்தே பெறும்படி மொரிஷியஸுக்கு மறு கடிதம் போகிறது.

2023 டிசம்பர் 15 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கான சர்வதேசத் தணிக்கைத் தரம் 600, அளவை அல்ல, ஆபத்தைப் பார்த்தே எல்லையை வகுக்கச் சொல்கிறது. தீவிலிருக்கும் ஆடிட்டர் தவறினாலும், குழுமக் கணக்குக்குப் பொறுப்பு இவருடையதுதான். வட்டிக்கு விளக்கம் வரும்வரை கையெழுத்து கிடையாது.