குகையில் கிடைத்த பொங்கல் வாழ்த்து

இந்தப் பொங்கலுக்கு எங்கள் நால்வரையும் கோட்டோவியமாக்கி வாழ்த்து அட்டை போட்டேன். 5 அங்குல அகலம், 7 அங்குல உயரம். முதலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வரைந்தேன். ரேஷன் கடை கியூ மாதிரி இருந்தது. படம் அகலத்தை அடைத்துக்கொள்ள, ஆட்கள் சுண்டைக்காயாகிவிட்டார்கள்.

விடை மாமல்லபுரத்தில் கிடைத்தது. மகிஷாசுரமர்த்தினி குகையின் நடுக் கருவறையில் சோமாஸ்கந்தர் சிற்பம் இருக்கிறது. சிவன், பக்கத்தில் உமை, அவள் மடியில் குழந்தை கந்தன். தலைகள் ஒரே மட்டத்தில் இல்லாததால் மூவரும் ஒரே உருவமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அதேபோல் சின்னவளை மனைவி மடியில் உட்காரவைத்து, பெரியவனை என் தோளோரம் சாய்த்தேன். முகங்கள் பெரிதாயின, கீழே 2 அங்குலம் மிச்சமானது.

அந்த இடம் பேனாவால் எழுதுவதற்கு. அடி ஓரத்துக்கு 8 மில்லிமீட்டர் விட்டாலும், ஐந்து வரி தாராளமாக எழுதலாம். வழவழப்புத் தாள் வேண்டாம், மை ஈஷிக்கொள்ளும்.

மாதிரி அட்டையில் ஒரு சறுக்கல். விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டரில் மெல்லிய கட்டம் போட்டிருந்தேன். வெட்டும்போது தாள் 1 மில்லிமீட்டர் நகர்ந்ததில் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4! கட்டத்தையே எடுத்துவிட்டு, பின்னணி மஞ்சளை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டினேன். முகமும் எழுத்தும் 8 மில்லிமீட்டர் உள்ளே. இப்போது தாள் நகர்ந்தாலும் தெரியாது.

மீசையைப் பெரிதாக வரைந்துவிட்டதாக மனைவிக்குப் புகார். அது மட்டும் மாறாது.