கையில் தெரிந்தபடியால் கண்டுபிடித்தோம்

எங்கட ஊர் சனசமூக நிலையத்தில் நாங்கள் முதன்முதலாக இரத்ததான முகாம் வைத்தபோது, எங்கட கவலை முழுக்க எண்ணிக்கையில்தான் இருந்தது. பக்கத்து ஊர் விளையாட்டுக் கழகத்தை முந்த வேண்டும். அதனால் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். படிவத்தையும் கும்பலாகச் சுற்றி நின்றே நிரப்பினோம். "எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போடு மச்சான், கெதியா முடியும்."

அப்படி 'இல்லை' போட்டவர்களில் எங்கட கூட்டாளி ஒருவனும் இருந்தான். ஊசி போடுவதற்காகத் தாதி அவனுடைய சட்டைக் கையை மடித்தபோது புதிதாகப் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. கொழும்பில் குத்தி ஒரு கிழமைதான். டொக்டர் அவனை எழுப்பிவிட்டு, "ஒரு வருசம் கழிச்சு வாங்கோ தம்பி" என்றார்.

எங்களுக்குச் சரியான கோபம். "எப்படியும் லாப்பில டெஸ்ட் பண்ணுவீங்கள்தானே? பிறகேன் இந்தக் கேள்வியெல்லாம்?" என்று கேட்டோம்.

அவர் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டி விளக்கினார். எங்கட நாட்டில் தானமாகக் கிடைக்கும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது. ஆனால் பல சோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன. அது உருவாக நாள் எடுக்கும்.

"சரியாத் துப்புரவாக்காத ஊசியால ஹெபடைடிஸ் சி வந்திட்டுது எண்டு வைப்பம். இண்டைக்கு ஏழாம் நாள். எதிர்ப்பொருள் சோதனையில தெரியக் கிட்டத்தட்ட ரெண்டு மாதம் செல்லும். இண்டைக்கு எடுத்த இரத்தம் 'இல்லை' எண்டுதான் காட்டும். மெசின் பிழை விடேல்ல. அது தேடுற சாமான் இன்னும் வரேல்ல."

இந்த இடைவெளியைத்தான் 'சாளரக் காலம்' என்கிறார்கள்.

"அப்ப பையை ரெண்டு மாதம் வைச்சிட்டு டெஸ்ட் பண்ணலாமே?" என்றான் ஒருவன். அதுவும் சரிவராது. எதிர்ப்பொருள் உருவாவது ஆளின் உடம்பில், பைக்குள் அல்ல. பையில் இருப்பது அன்றைய நிலைமை மட்டும்தான். சிவப்பணுக்களை ஐந்து, ஆறு கிழமைக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.

கிருமியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை இந்த இடைவெளியை நன்றாகச் சுருக்கும். எச்.ஐ.வி-க்கு எதிர்ப்பொருள் தெரிய மூன்று கிழமை அளவில் எடுக்கும் என்றால், இதில் பத்து நாள் அளவில் தெரியவரும். ஆனாலும் அது பூச்சியமாகாது. சோதிப்பது ஒரு சிறு குழாயில் எடுத்த கொஞ்ச இரத்தத்தை. எடுக்கும் பையோ 450 மில்லிலீற்றர். தொடக்க நாட்களில் கிருமி மிகக் குறைவு என்பதால், அந்தச் சிறு குழாயில் ஒன்றும் அகப்படாமலே பையில் இருக்கலாம். அந்த ஒரு பையைச் சிவப்பணு, குருதிச் சிறுதட்டு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கலாம்.

சோதனைக்கு வெளியே தகவல் தரக்கூடியவர் கொடையாளி மட்டும்தான். 2018 டிசம்பரில் தமிழ்நாட்டின் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்டது. அது சாளரக் காலத்தால் வந்ததல்ல, சோதனை செய்தவர்களின் தவறு. ஆனால் அந்த விசயம் எப்படி வெளியில் வந்தது? வெளிநாட்டு வேலைக்காக மருத்துவச் சோதனை செய்த 19 வயதுக் கொடையாளி, தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் தானே இரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. சில நாட்களில் அவர் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னவரைச் சுற்றி இருந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கையில், படிவ மேசையைச் சுற்றி நின்ற எங்களைத்தான் நினைத்தோம்.

அன்றைக்குப் பச்சை கையில் இருந்தபடியால் கண்டுபிடித்தோம். கையில் தெரியாத விசயங்களும் அந்தப் படிவத்தில் இருக்கின்றன. பாதுகாப்பில்லாத உடலுறவு, போதை ஊசி. கூட்டாளிமார் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போது யார் 'ஓம்' என்று எழுதுவான்?

அடுத்த முகாமில் படிவ மேசையை உள் அறைக்கு மாற்றினோம். ஒருமுறைக்கு ஒருவர்தான் போகலாம். இரத்தம் கொடுக்காமல் வெளியில் வந்தவரிடம் 'ஏன்' என்று கேட்கக்கூடாது என்று எங்களுக்குள் கட்டாயமாக்கினோம். கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே பிஸ்கட், ஒரே சோடா. "எனக்கு ஏதும் இருக்கோ எண்டு பாக்கத்தான் குடுக்கிறன்" என்று சொன்ன ஒருவரிடம், அதற்கு இரத்ததானம் வழியல்ல, பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் இரகசியமாகவும் இலவசமாகவும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். வீட்டுக்குப் போன பிறகு மனம் உறுத்தினால் இரத்த வங்கிக்கு உடனே ஒரு கோல் எடுத்துச் சொல்லலாம், அந்தப் பையை ஒதுக்கிவிடுவார்கள் என்பதையும் எல்லோருக்கும் சொன்னோம்.

அந்தமுறை போன தடவையைவிடப் பைகள் குறைவு. பக்கத்து ஊர்க்காரர் எங்களை முந்திவிட்டார்கள். பச்சை குத்திய கூட்டாளி வாசலில் நின்று பெயர் பதிந்தான். அவனுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கு.