ஆறு கிலோவுக்கு ஆறால் பெருக்காதீர்கள்

வீட்டில் ஒரு கிலோ மட்டன் பிரியாணி பழுதில்லாமல் வருகிறது. காதுகுத்துக்கு அறுபது பேர் வருகிறார்கள், ஆறு கிலோ அரிசி வேண்டும். எல்லாவற்றையும் ஆறால் பெருக்கிவிட்டால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். அரிசிக்கும் கறிக்கும் அந்தக் கணக்கு சரி. ஆனால் தண்ணீரை ஆறால் பெருக்கினால் சோறு குழையும், கிராம்பை ஆறால் பெருக்கினால் தொண்டை கமறும். சொந்தக்காரர்களுக்குச் சமைக்கிற வேலை எங்கள் வீட்டில் பல வருடங்களாக என் தலையில்தான் விழுகிறது. திண்டுக்கல் பக்கத்துச் சீரகச் சம்பா பிரியாணியை வைத்து, எது பெருகும், எது பெருகாது என்று நான் கண்டதைச் சொல்கிறேன்.

அண்டாவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் செய்கிற ஒரு கிலோ அளவை ஒரு தடவை தராசில் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். ‘குவித்து இரண்டு கரண்டி உப்பு’ என்பது ஒரு கிலோவில் ஐந்து கிராம் முன்னேபின்னே போனாலும் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. அதே கரண்டியால் பன்னிரண்டு முறை அள்ளும்போது ஒவ்வொரு அள்ளலிலும் குவியல் மாறும். கல் உப்பு மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் கனக்கும், தூள் உப்பு அதே கரண்டியில் அடர்ந்து நிற்கும். என் கணக்கு இது: ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ எலும்போடு சேர்ந்த வெள்ளாட்டுக் கறி, உப்பு 42 கிராம், கிராம்பு 4 கிராம், பச்சைமிளகாய் 60 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்த்து 200 மில்லி. தண்ணீர், திறந்த பாத்திரத்தில் செய்தால் அரிசி ஒன்றுக்கு இரண்டு. குக்கரில் செய்கிறவர்கள் இந்தக் கணக்குக்கு வர முடியாது. அவர்கள் ஒரு முறையாவது திறந்த பாத்திரத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் அண்டாவுக்குப் போக வேண்டும்.

தண்ணீர் ஏன் பெருகுவதில்லை? ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பங்கை அரிசி குடிக்கிறது, இன்னொரு பங்கு ஆவியாகிப் போகிறது. குடிக்கிற பங்கு அரிசியின் அளவைப் பொறுத்தது, ஆறு மடங்கு அரிசி ஆறு மடங்கு குடிக்கும். ஆவியாகிற பங்கு பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. என் வீட்டுப் பாத்திரத்தின் வாய் 26 சென்டிமீட்டர். வாடகைக்கு எடுத்த அண்டாவுக்கு 50 சென்டிமீட்டர். பரப்பளவு போட்டுப் பார்த்தால் நாலு மடங்குகூட இல்லை. உள்ளே ஆறு மடங்கு சரக்கு, வெளியே போக வழி நாலு மடங்குக்கும் குறைவு. அதனால் ஒன்றுக்கு இரண்டு என்பதை இங்கே ஒன்றுக்கு ஒன்றரை என்று குறைக்கிறேன். மூன்று கிலோவுக்கு ஒன்றே முக்கால் சரியாக இருக்கும்.

ஒன்றரை என்பதில் எல்லா ஈரமும் அடக்கம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் வதக்கும்போது வெங்காயமும் கறியும் விடுகிற நீர் கண்முன்னால் சுண்டிப்போகும். அண்டாவில் அது சுண்டாது, அடியில் குளம் கட்டி நிற்கும். தயிரும் தக்காளியும் அதோடு சேரும். இந்தத் தண்ணீரைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது, அளந்துதான் ஆக வேண்டும். சரியாக ஒரு கிலோ அரிசி பிடிக்கிற ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். சீரகச் சம்பாவுக்கு அது சுமார் ஒன்றேகால் லிட்டர். ஊறவைப்பதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்தால் அரிசி ஆறு அளந்தேன் என்றால், தண்ணீர் மொத்தம் ஒன்பது. கறி வெந்ததும் ஜல்லிக்கரண்டியால் கறியை ஒதுக்கிவிட்டு, அண்டாவில் இருக்கும் சாற்றை அதே பாத்திரத்தால் மொண்டு வேறொரு குண்டானில் ஊற்றி அளக்கிறேன். இந்த முறை நாலரை இருந்தது. கறி வேகவைக்க நான் ஊற்றியது இரண்டரைக்கும் குறைவுதான், மீதி இரண்டும் கறி, தயிர், தக்காளி, வெங்காயம் விட்டது. ஆக இன்னும் நாலரை ஊற்றினால் போதும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒன்பதையும் புதிதாக ஊற்றியிருந்தால், அறுபது பேரும் பிரியாணி வாசனையுள்ள பொங்கல்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்த நாலரையையும் கொதிக்கவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அண்டா முழுவதும் ஆறிப்போகும், மறுபடி கொதி வருவதற்குள் கறி உடையும். ஆறு கிலோவுக்கு ஆகிற மொத்தத் தண்ணீர் பதினோரு லிட்டருக்கு மேல், அவ்வளவையும் சாதாரண வீட்டு காஸ் அடுப்பில் கொதிக்கவைக்க முக்கால் மணி நேரம் போல ஆகிவிடும். அதனால்தான் விறகு அடுப்போ வாடகைப் பெரிய பர்னரோ இல்லாமல் ஆறு கிலோவில் இறங்காதீர்கள் என்கிறேன். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் மூன்று மூன்று கிலோவாக இரண்டு பாத்திரத்தில் செய்யலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

இனி உப்பு. உப்பு ஆவியாவதில்லை, ஆகவே அதை முழுசாக ஆறால் பெருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ‘பெரிய சமையலுக்கு உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடு’ என்று பெரியவர்கள் சொல்வது கை அளவுக்குச் சொன்னது. தராசு இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். 42 ஆறு முறை 252 கிராம். அதில் 200 கிராம் கறியோடு போய்விடும், மீதியை அரிசி போடுவதற்கு முன்னால் ருசி பார்த்துச் சேர்ப்பேன். இஞ்சி பூண்டு விழுதைக் கடையில் வாங்கியிருந்தால் அதிலும் உப்பு உண்டு, அதற்காக மீதியில் பாதியை நிறுத்திவைப்பது நல்லது. கல் உப்பை அப்படியே அள்ளிப் போட்டால் அண்டாவில் ஒரே இடத்தில் தங்கும். வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, சுற்றி ஊற்றுகிறேன்.

ருசி பார்க்கும் இடத்தில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். இந்தக் காதுகுத்தில் சித்தி வந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “என்னப்பா, கடல் தண்ணி மாதிரி கரிக்குது? ரெண்டு செம்பு தண்ணி ஊத்து” என்றார்.

“ஊத்த வேணாம் சித்தி, அரிசி விழுந்தா சரியாயிடும்.”

சித்தியின் நாக்கு பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் பழகிய ருசி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் கரைந்த உப்பின் ருசி. 42 கிராம் இரண்டரை லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 17 கிராம் போல வரும். இங்கே 252 கிராம், பதினொன்றேகால் லிட்டரில் இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 22 கிராம். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கரிக்கத்தான் செய்யும். கடைசியில் சோற்றில் தங்குகிற உப்பு இரண்டிலும் ஒன்றே. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் என்பதால், சித்தி சொன்னதில் மிகை கொஞ்சம்தான். வீட்டு ருசியை எதிர்பார்த்து இங்கே உப்பைக் குறைத்தால் சோறு சப்பென்று போகும். அரிசி குடித்து முடித்த பிறகு மேலே தூவுகிற உப்பு உள்ளே இறங்காது. சாற்றைக் கரண்டியில் எடுத்து, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும், சூட்டில் நாக்கு ஏமாறும். அடியிலிருந்து துடுப்பால் கலக்கிய பிறகு எடுத்த சாறாகவும் இருக்க வேண்டும்.

மசாலா இதற்கு நேர்மாறு. வீட்டில் பட்டை, கிராம்பின் மணத்தில் பாதி வதக்கும்போதே தெருவுக்குப் போய்விடுகிறது. அண்டாவில் அவை மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கின்றன, காரமும் கசப்பும் கடைசிவரை இறங்கிக்கொண்டே இருக்கும். இதில் மோசமானவை கிராம்பும் அன்னாசிப்பூவும். கிராம்பு 24 கிராம் வர வேண்டிய இடத்தில் 15 போடுகிறேன். பட்டை, ஏலக்காய் முக்கால் கணக்கு. பச்சைமிளகாயும் முக்கால், 270 கிராம். பந்தியில் குழந்தைகளும் பல் போன பெரியவர்களும் உட்காருவார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். மணம் குறைந்தது போலத் தெரிந்தால் தம் போடும்போது நெய்யில் கரம் மசாலா ஒரு கரண்டி பொரித்து மேலே ஊற்றலாம். கூடிப்போனதை எடுக்க வழியில்லை. எண்ணெயும் நெய்யும் 900 மில்லி போதும், 1,200 ஊற்றினால் தட்டில் மிதக்கும்.

வெங்காயம் தனியாக ஒரு தலைவலி. மூன்று கிலோவை மொத்தமாகக் கொட்டினால் அது வதங்காது, தன் தண்ணீரிலேயே வேகும், நிறம் ஏறாது. மூன்று தவணையாகப் போட்டு, முந்தியது சிவந்த பிறகு அடுத்ததைச் சேர்க்கிறேன். வீட்டில் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இங்கே முக்கால் மணி நேரம். இஞ்சி பூண்டின் பச்சை வாடையும் அப்படித்தான், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

நேரக் கணக்கில் எல்லாமே நீளும் என்று நினைத்துவிடக் கூடாது. கறித்துண்டு வீட்டிலும் அதே அளவு, இங்கும் அதே அளவு. கொதி வந்த பிறகு அது வேக எடுக்கும் நேரம் மாறாது. கொதி வரத்தான் நேரமாகிறது. முடிவிலோ நேரம் சுருங்குகிறது. இருபத்தைந்து கிலோ கொதிக்கிற சோறு, அடுப்பை அணைத்த பிறகும் வெகு நேரம் தன்னைத்தானே வேகவைத்துக்கொண்டிருக்கும். அதனால் நகத்தால் கிள்ளினால் கறி கொஞ்சம் முரண்டு பிடிக்கும்போதே அரிசியைப் போட்டுவிடுகிறேன். அரிசியைக் கால் மணிக்கு மேல் ஊறவைப்பதில்லை. அரிசி விழுந்தபின் மறுகொதி வர எட்டு, பத்து நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் அது மேலும் ஊறிக்கொள்ளும்.

தண்ணீரும் அரிசியும் சமமாக வந்ததும் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் நடுவில் புள்ளி மறையப்போகிற சமயம் மூடுவோம். இங்கே வெள்ளைப் புள்ளி தெளிவாகத் தெரியும்போதே, அதாவது முக்கால் பதத்தில், துடுப்பால் ஓரத்திலிருந்து ஒரே ஒரு தடவை புரட்டி மூடுகிறேன். இரண்டு முறைக்கு மேல் துடுப்பு போட்டால் சீரகச் சம்பா நொறுங்கும். வாழையிலை பரப்பி, மூடியின் மேல் தணல் அள்ளி வைத்து, அடியில் நெருப்பை இழுத்துவிட்டு இருபத்தைந்து நிமிடம். பிறகு தணலை எடுத்துவிட்டு, திறக்காமல் இன்னொரு இருபது நிமிடம். அவசரப்பட்டுத் திறந்தால் மேலே இருப்பது அரைவேக்காடாகவே நின்றுவிடும்.

பந்தி முடிந்து மிஞ்சியதை அண்டாவிலேயே மூடி வைக்காதீர்கள். அத்தனை சோற்றின் நடுப்பகுதி சாயங்காலம்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும், கெட்டுப்போவதற்கு அதைவிடத் தோதான சூடு கிடையாது. இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் தாம்பாளங்களில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கிளம்புகிறவர்கள் கையில் அப்போதே கட்டிக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டு முடிக்கச் சொல்லி.